காதுக்குச் சரி, பேப்பரில் தவறு: மியூசிக் தியரி விடைகளை ஒர்க்ஷீட்டில் சரிபார்க்கலாம்

உங்கள் மகனோ மகளோ கீபோர்ட் அல்லது பியானோ வகுப்புக்குப் போகிறார்களா? அப்படியானால் வாசிப்புடன் தியரி என்று ஒன்றும் வீட்டுப் பாடமாக வந்திருக்கும். இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரத்தின் பெயர் என்ன, இந்த ஸ்கேலுக்கு எந்தக் கீ சிக்னேச்சர், இந்தக் கார்டின் பெயர் என்ன என்பவைதான் அதில் பெரும்பாலும் வரும் கேள்விகள். லண்டனைச் சேர்ந்த ஏபிஆர்எஸ்எம் அமைப்பு, 1 முதல் 5 வரையிலான கிரேடுகளின் தியரி தேர்வை 2020 முதல் ஆன்லைனில் நடத்துகிறது. அந்த அமைப்பில் ஆறாம் கிரேடு வாசிப்புத் தேர்வுக்குப் போக வேண்டுமானால், ஐந்தாம் கிரேடு தியரியையோ அதற்கு இணையான ஒன்றையோ முதலில் தேறியிருக்க வேண்டும். எனவே வாசிப்பில் கெட்டிக்காரரான பிள்ளையும் தியரியில் வழுக்கினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பெற்றோருக்கு இசை தெரியாவிட்டால் இந்த விடைகளை எப்படிச் சரிபார்ப்பது? இசைக் கீபோர்டில் அழுத்திக் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். அங்குதான் சிக்கல். கீழே உள்ள ஐந்து விடைகளைப் பாருங்கள். பயிற்சிப் புத்தகங்களில் மாணவர்கள் வழக்கமாக எழுதுபவை இவை.

1. F முதல் G# வரை உள்ள இன்டர்வெல்: மைனர் தேர்ட்.
2. F மேஜரின் கீ சிக்னேச்சர்: ஒரு ஷார்ப், A#.
3. A மைனரின் கீ சிக்னேச்சர்: ஒரு ஷார்ப், G#.
4. C மைனர் கார்டின் ஸ்வரங்கள்: C, D#, G.
5. B, D, F, G# சேர்ந்த கார்ட்: B டிமினிஷ்ட் செவன்த்.

இவற்றை எழுதிய பிள்ளை சரியான கட்டைகளைத்தான் மனதில் வைத்திருக்கிறது. கீபோர்டில் அந்தக் கட்டைகளை அழுத்தினால் எதிர்பார்த்த ஒலிதான் வரும். ஆனால் ஐந்து விடைகளும் தவறு. ஏன் தவறு என்பதையும், உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் கொண்டு அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் இங்கே பார்க்கலாம்.

கட்டைகள் 12, எழுத்துகள் 7

கீபோர்டில் ஒரு C கட்டையிலிருந்து அடுத்த C கட்டைக்கு முன்பு வரை எண்ணிப் பாருங்கள். 7 வெள்ளை, 5 கறுப்பு, ஆக மொத்தம் 12 கட்டைகள். ஒரு கட்டையிலிருந்து அதை ஒட்டிய கட்டைக்கு உள்ள தூரம் ஒரு செமிடோன். ஆனால் இந்த 12 கட்டைகளுக்கும் பெயர் வைக்க A முதல் G வரை 7 எழுத்துகள்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு செமிடோன் கூட்டினால் ஷார்ப், ஒரு செமிடோன் குறைத்தால் ஃப்ளாட் என்று எழுத்தின் பின்னால் ஒரு குறியைச் சேர்க்கிறோம். F-க்கும் G-க்கும் நடுவே உள்ள கறுப்புக் கட்டையை F# என்றும் சொல்லலாம், Gb என்றும் சொல்லலாம். இங்கே சிறிய b என்பது ஃப்ளாட் குறி.

கம்ப்யூட்டரும் மின்னணுக் கீபோர்டும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. நடு C-யின் எண் 60. அதற்கு மேல் உள்ள F# கட்டையின் எண் 66. Gb-யின் எண்ணும் அதே 66தான். மிடி இசையை ஒலிக்கச் செய்வதற்கான முறை. அதற்குக் கட்டை தெரிந்தால் போதும், பெயர் தேவையில்லை. அதனால்தான் கேட்டுப் பார்த்து விடையைத் திருத்த முடியாது. கேட்கும்போது பெயரில் பாதி காணாமல் போய்விடுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச புரோகிராமில் ஒரு F# ஸ்வரத்தை எழுதி, அதைக் கிளிக் செய்து தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டர் கீபோர்டில் J கீயைத் தட்டுங்கள். திரையில் அது Gb ஆக மாறி, இசைத்தாளில் ஒரு படி மேலே போகும். இப்போது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒலியில் எந்த மாற்றமும் இருக்காது.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கும் ஸ்வர ஸ்தானங்கள் 12, பெயர்கள் 16. சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே ஸ்தானம்தான். முதல் மேளமான கனகாங்கியில் சுத்த ரிஷபத்துக்கு அடுத்து வருவதும் அந்த ஸ்தானம்தான். ஆனால் அதைச் சதுஸ்ருதி ரிஷபம் என்று யாரும் சொல்வதில்லை. ரி ஏற்கனவே வந்துவிட்டது, அடுத்து க வர வேண்டும் என்பதால் அதன் பெயர் சுத்த காந்தாரம். மேற்கத்திய தியரியின் விதியும் இதேதான். எழுத்து வரிசை ஒன்று, ஒலியின் தூரம் ஒன்று. இரண்டும் பொருந்தினால்தான் பெயர் சரி.

ஆகவே எந்த விடையைச் சரிபார்ப்பதானாலும் இரண்டு எண்ணிக்கை எடுக்க வேண்டும். எத்தனை எழுத்து என்பது முதல் எண்ணிக்கை. எத்தனை செமிடோன் என்பது இரண்டாவது எண்ணிக்கை.

ஒர்க்ஷீட் தயாரிப்பது எப்படி?

எக்ஸெல் அல்லது கால்க்கில் புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். முதல் வரிசையில் தலைப்புகளை உங்கள் விருப்பப்படி கொடுத்துக்கொள்ளலாம். A2 செல்லில் கீழ் ஸ்வரத்தையும் B2 செல்லில் மேல் ஸ்வரத்தையும் டைப் செய்யப் போகிறோம். பிறகு C2 செல்லில் இந்த ஃபார்முலாவை டைப் செய்யுங்கள்.

```
=MOD(CODE(B2)-CODE(A2),7)+1
```

இது எழுத்துகளை எண்ணுகிறது. CODE என்ற ஃபங்ஷன் செல்லில் உள்ள முதல் எழுத்தின் வரிசை எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். பின்னால் # இருந்தாலும் b இருந்தாலும் கவலைப்படாது. நமக்கும் அதுதான் வேண்டும். தொடங்கும் எழுத்தையும் சேர்த்து எண்ணுவது இசை வழக்கம் என்பதால் கடைசியில் 1 கூட்டுகிறோம். G-க்குப் பிறகு மறுபடி A வருவதால் MOD தேவைப்படுகிறது.

அடுத்து D2 செல்லில் இதை டைப் செய்யுங்கள்.

```
=FIND(LEFT(A2),"C D EF G A B")-1
 +(LEN(A2)-1)*IF(MID(A2,2,1)="#",1,-1)
```

இடம் போதாததால் இரண்டு வரியாக அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் ஒரே வரியாக டைப் செய்யுங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பதுதான் இதில் முக்கியம். அது கீபோர்டின் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து இருக்கும் இடம் வெள்ளைக் கட்டை, ஸ்பேஸ் இருக்கும் இடம் கறுப்புக் கட்டை. E-க்கும் F-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை, எனவே அங்கே ஸ்பேஸ் விடக்கூடாது. ஃபார்முலாவின் பின்பாதி ஒவ்வொரு ஷார்ப்புக்கும் 1 கூட்டும், ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் 1 குறைக்கும்.

இப்போது D2 செல்லைக் காப்பி செய்து E2 செல்லில் பேஸ்ட் செய்யுங்கள். A2 என்பது தானாகவே B2 என்று மாறிவிடும். கடைசியாக F2 செல்லில் செமிடோன் தூரத்துக்கான ஃபார்முலா.

```
=MOD(E2-D2,12)
```

C2 முதல் F2 வரை தேர்ந்தெடுத்து, கீழே இருபது வரிசைகளுக்கு இழுத்து விட்டால் வேலை முடிந்தது. ஸ்வரம் டைப் செய்யாத வரிசைகளில் பிழைச் செய்தி தெரியும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு வரிசையில் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள். C பத்தியில் எழுத்து எண்ணிக்கை, F பத்தியில் செமிடோன் எண்ணிக்கை. நடுவில் உள்ள D, E பத்திகளைத் தேவையில்லை என்றால் மறைத்து வைத்துவிடலாம்.

டைப் செய்யும்போது மூன்று விஷயங்களில் கவனம் தேவை. ஸ்வர எழுத்து எப்போதும் பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும். ஷார்ப்புக்குக் கம்ப்யூட்டர் கீபோர்டில் உள்ள # குறியையே பயன்படுத்துங்கள். இசைக்கென உள்ள தனிக் குறியை எங்கிருந்தாவது காப்பி செய்து போட்டால், ஃபார்முலா அதை ஃப்ளாட் என்று எடுத்துக்கொண்டு, பிழைச் செய்தி எதுவும் தராமல் தவறான எண்ணைக் காட்டும். டபுள் ஷார்ப் வந்தால் ## என்றும், டபுள் ஃப்ளாட் வந்தால் bb என்றும் டைப் செய்யுங்கள்.

மூன்றாவதுதான் கண்ணில் படாதது. மேலே ஒரு செல்லில் Bb என்று இருக்க, கீழே B என்று மட்டும் டைப் செய்து என்டர் தட்டினால், புரோகிராம் உதவி செய்வதாக நினைத்து அதையும் Bb என்று நிரப்பிவிடும். எழுத்தை டைப் செய்ததும் பின்னால் b தானாக முளைத்தால், டெலிட் கீயைத் தட்டிவிட்டு என்டர் கொடுங்கள். கால்க்கில் Tools மெனுவில் AutoInput என்பதை நீக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது. எக்ஸெல்லில் Options பகுதியில் Advanced என்பதன் கீழ் AutoComplete என்று இருக்கும்.

முதல் விடை: F முதல் G# வரை

A2-ல் F, B2-ல் G# கொடுங்கள். எழுத்து எண்ணிக்கை 2, செமிடோன் 3 என்று வரும். மூன்றாவது வரிசையில் F, Ab கொடுத்துப் பாருங்கள். எழுத்து 3, செமிடோன் 3. செமிடோன் இரண்டிலும் ஒன்றுதான், கட்டைகளும் அதே கட்டைகள்தான். ஆனால் எழுத்து எண்ணிக்கை மாறிவிட்டது.

இன்டர்வெல்லின் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. செகண்ட், தேர்ட், ஃபோர்த் என்ற பின் சொல் எழுத்து எண்ணிக்கையிலிருந்து மட்டுமே வரும். மேஜர், மைனர் போன்ற முன் சொல் செமிடோன் எண்ணிக்கையிலிருந்து வரும். இதற்கு ஒரு சிறிய பட்டியல் போதும். ஒர்க்ஷீட்டின் ஓரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து 2: மேஜர் என்றால் 2 செமிடோன்.
எழுத்து 3: மேஜர் என்றால் 4 செமிடோன்.
எழுத்து 4: பெர்ஃபெக்ட் என்றால் 5 செமிடோன்.
எழுத்து 5: பெர்ஃபெக்ட் என்றால் 7 செமிடோன்.
எழுத்து 6: மேஜர் என்றால் 9 செமிடோன்.
எழுத்து 7: மேஜர் என்றால் 11 செமிடோன்.

மேஜரில் ஒன்று குறைந்தால் மைனர், இரண்டு குறைந்தால் டிமினிஷ்ட். பெர்ஃபெக்டில் மைனர் என்பது கிடையாது, ஒன்று குறைந்தாலே டிமினிஷ்ட். இரண்டிலும் ஒன்று கூடினால் ஆக்மென்டட்.

இப்போது F, G# என்பதைப் பார்ப்போம். எழுத்து 2, எனவே அது செகண்ட். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. மேஜர் செகண்டுக்கு 2 செமிடோன், இங்கே 3 இருக்கிறது. ஒன்று கூடுதல். ஆகவே சரியான விடை ஆக்மென்டட் செகண்ட். மைனர் தேர்ட் என்ற பெயர் F, Ab என்று எழுதினால்தான் பொருந்தும். விடை எழுதியவர் கட்டைகளைப் பார்த்து எண்ணியிருக்கிறார், பேப்பரில் உள்ள எழுத்துகளைப் பார்க்கவில்லை.

இதே கருவியால் பிடிபடும் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். F முதல் B வரை உள்ள இன்டர்வெல்லை பெர்ஃபெக்ட் ஃபோர்த் என்று எழுதுவார்கள். ஷார்ப், ஃப்ளாட் எதுவும் இல்லையே, அப்படியானால் பெர்ஃபெக்டாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. ஒர்க்ஷீட்டில் போட்டால் எழுத்து 4, செமிடோன் 6 என்று வரும். பட்டியலில் உள்ள 5-ஐ விட ஒன்று கூடுதல், எனவே ஆக்மென்டட் ஃபோர்த். இங்கே எழுத்து எண்ணிக்கை சரி, செமிடோன் தவறு. முதல் விடையில் அதற்கு நேர்மாறு. எந்த எண்ணிக்கை இடறியது என்று பார்த்தாலே, பிள்ளை எதை எண்ணாமல் விட்டது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் விடை: F மேஜருக்கு A#

மேஜர் ஸ்கேலைச் சரிபார்க்க, அடுத்தடுத்த ஸ்வரங்களை ஜோடி ஜோடியாகப் போடுங்கள். F மேஜர் என்றால் F-G, G-A, A-Bb, Bb-C, C-D, D-E, E-F என்று ஏழு வரிசைகள். C பத்தி முழுவதும் 2 என்றே வர வேண்டும். F பத்தியில் மேலிருந்து கீழாக 2, 2, 1, 2, 2, 2, 1 என்று வர வேண்டும். எல்லா மேஜர் ஸ்கேலுக்கும் இதே சோதனைதான்.

இப்போது Bb இருந்த இரண்டு இடங்களிலும் A# என்று மாற்றுங்கள். F பத்தியில் ஒன்றும் மாறாது. ஆனால் C பத்தியில் A, A# வரிசை 1 என்றும், A#, C வரிசை 3 என்றும் காட்டும். A என்ற எழுத்து இரண்டு முறை வந்துவிட்டது, B வரவேயில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கீ சிக்னேச்சர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும். வரியின் தொடக்கத்தில் A-க்கு ஷார்ப் போட்டுவிட்டால், அந்த வரியில் வரும் எல்லா A-யும் A# ஆகிவிடும். F மேஜருக்குச் சாதாரண A-யும் தேவை. அது இனி கிடைக்காது. B-க்கு எந்தக் குறியும் இல்லாததால் அது B ஆகவே வாசிக்கப்படும். அதாவது வாசிப்பவர் F, G, A#, B, C, D, E என்று வாசிப்பார். அது F மேஜரே இல்லை. தனியாகப் பார்த்தபோது ஒரே கட்டையாக இருந்தது, சிக்னேச்சரில் போட்டதும் பாட்டையே மாற்றிவிடுகிறது.

மூன்றாம் விடை: A மைனருக்கு G#

A மைனர் பாட்டுகளில் G# அடிக்கடி வரும் என்பது உண்மை. அதை வாசித்துப் பழகிய பிள்ளை, சிக்னேச்சரிலும் அதைப் போட்டுவிடுகிறது. ஆனால் மைனர் கீயின் சிக்னேச்சர் அதன் உறவு மேஜரிலிருந்து எடுக்கப்படுகிறது. மைனர் ஸ்வரத்திலிருந்து மேலே மூன்று எழுத்து, மூன்று செமிடோன் போனால் அந்த மேஜர் கிடைக்கும். ஒர்க்ஷீட்டில் A, C என்று கொடுங்கள். எழுத்து 3, செமிடோன் 3. எனவே A மைனரின் உறவு C மேஜர். C மேஜருக்கு ஷார்ப்பும் இல்லை, ஃப்ளாட்டும் இல்லை. A மைனருக்கும் அப்படியே. G# தேவைப்படும் இடத்தில் அந்த ஸ்வரத்தின் முன்னால் மட்டும் தனியாகக் குறி போட வேண்டும். ஏனென்றால் அதே பாட்டில் இறங்கும்போது சாதாரண G-யும் வரலாம்.

இங்கேயும் எழுத்தும் செமிடோனும் இரண்டும் பொருந்த வேண்டும் என்பதைக் கவனியுங்கள். G மைனரின் உறவு மேஜர் எது என்ற கேள்விக்கு A# மேஜர் என்று எழுதினால், G, A# என்பது 2 எழுத்து, 3 செமிடோன். பொருந்தவில்லை. G, Bb கொடுத்தால் 3, 3. விடை Bb மேஜர்.

ஒர்க்ஷீட் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழியும் உண்டு. சிக்னேச்சரில் ஷார்ப்புகள் F, C, G, D, A, E, B என்ற வரிசையில்தான் சேரும். ஒரே ஒரு ஷார்ப் இருந்தால் அது F# ஆகத்தான் இருக்க முடியும். G# மட்டும் தனியாக நிற்கும் சிக்னேச்சர் என்று ஒன்று வழக்கத்திலேயே இல்லை. ஃப்ளாட்டுகளுக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்: B, E, A, D, G, C, F. இரண்டாம் விடையில் A# மட்டும் தனியாக நின்றதும் இதனாலேயே பிடிபட்டுவிடும்.

நான்காம் விடை: C, D#, G

சாதாரண கார்டுகள் எழுத்துகளை ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கிக் கட்டப்படுகின்றன. C-யில் தொடங்கினால் D-ஐ விட்டு E, F-ஐ விட்டு G. குறிகள் எப்படி இருந்தாலும், C என்ற பெயரில் உள்ள மேஜர், மைனர் கார்டில் C, E, G என்ற எழுத்துகள்தான் இருக்க வேண்டும்.

ஒர்க்ஷீட்டில் C, D# ஒரு வரிசை, D#, G ஒரு வரிசை போடுங்கள். முதலாவது 2, 3. அடுத்தது 4, 4. C பத்தியில் இரண்டு வரிசையிலும் 3 வர வேண்டும், வரவில்லை. D#-ஐ Eb என்று மாற்றுங்கள். C, Eb வரிசை 3, 3 என்றும், Eb, G வரிசை 3, 4 என்றும் வரும். கீழே 3 செமிடோன், மேலே 4 செமிடோன் என்றால் மைனர் கார்ட். கீழே 4, மேலே 3 என்றால் மேஜர். இரண்டும் 3 என்றால் டிமினிஷ்ட், இரண்டும் 4 என்றால் ஆக்மென்டட்.

கார்டின் ஸ்வரங்கள் இடம் மாறி வந்தால், உதாரணமாக E, G, C என்று வந்தால், E, G வரிசை 3 எழுத்து என்றும், G, C வரிசை 4 எழுத்து என்றும் காட்டும். இது தவறான எழுத்து அல்ல, அடுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 4 வரும் வரிசையின் மேல் ஸ்வரம்தான் கார்டின் வேர். இங்கே அது C. கீழே E இருக்கிறதே என்று E மைனர் என எழுதினால் அதுவும் அருகில் வந்து தவறிய விடைதான். இடம் மாறிய அடுக்கில் 3, 4 எழுத்துகள் வரும். C, D#, G-யில் வந்ததைப் போல 2 எழுத்து எட்டிப் பார்த்தால், எழுத்தைச் சந்தேகப்படுங்கள். C, E, F# போன்ற வேறு தவறுகளும் இதே போல மாட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் விடை: B, D, F, G#

கடைசி விடைதான் சுவாரஸ்யமானது. B, D வரிசை 3, 3. D, F வரிசை 3, 3. F, G# வரிசை 2, 3. கடைசி வரிசையில் எழுத்து இடறுகிறது. B டிமினிஷ்ட் செவன்த் என்றால் நான்கு ஸ்வரங்களும் ஒன்று விட்ட எழுத்துகளாக, B, D, F, A என்று இருக்க வேண்டும். கடைசி ஸ்வரம் Ab. அப்போது F, Ab வரிசையும் 3, 3 என்று வரும்.

அப்படியானால் G# உள்ள இந்தக் கார்ட் என்ன? G#-ஐக் கீழே கொண்டு வாருங்கள். G#, B ஜோடிக்கு 3, 3. மற்ற இரண்டு ஜோடிகளும் ஏற்கனவே 3, 3. எனவே இது G# டிமினிஷ்ட் செவன்த், B-யைக் கீழே வைத்து எழுதப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்வரத்தின் எழுத்து மாறியதும் கார்டின் வேரே மாறிவிட்டது.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. இந்தக் கார்ட் அடுத்து எங்கே போகிறது என்பதைத்தான் பெயர் சொல்கிறது. B டிமினிஷ்ட் செவன்த் C-யை நோக்கிப் போகும். அதிலுள்ள B ஒரு செமிடோன் ஏறி C ஆகும், Ab ஒரு செமிடோன் இறங்கி G ஆகும். G# டிமினிஷ்ட் செவன்த் A-ஐ நோக்கிப் போகும். அதிலுள்ள G# ஒரு செமிடோன் ஏறி A ஆகும். கட்டை ஒன்றாக இருந்தாலும், Ab என்று எழுதினால் இறங்கப் போகிறேன் என்றும், G# என்று எழுதினால் ஏறப் போகிறேன் என்றும் வாசிப்பவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. பயிற்சியில் அடுத்த கார்ட் A மைனர் என்றிருந்தால் G# சரி, C மைனர் என்றிருந்தால் Ab சரி.

இந்த ஒர்க்ஷீட் எங்கே உதவாது?

எட்டாவது எழுத்தும் முதல் எழுத்தும் ஒன்று என்பதால், ஆக்டேவ் தூரத்தை இது 1, 0 என்று காட்டும். ஆக்டேவா, அதே ஸ்வரமா என்பதை இசைத்தாளைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதே போல ஆக்டேவைத் தாண்டிய தூரங்களையும் இது உள்ளே மடக்கிவிடும்.

கீழ் ஸ்வரத்தை A பத்தியிலும் மேல் ஸ்வரத்தை B பத்தியிலும் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மாற்றிப் போட்டால் எண் வரும், ஆனால் அது வேறு இன்டர்வெல்லின் எண். F, B என்பது 4, 6. B, F என்பது 5, 6, அதாவது டிமினிஷ்ட் ஃபிஃப்த்.

சில கார்டுகளில் எழுத்துகளே இரண்டு பெயருக்கு இடம் கொடுக்கும். C, E, G, A என்ற நான்கு ஸ்வரங்களை C சிக்ஸ்த் என்றும் சொல்லலாம், A மைனர் செவன்த் என்றும் சொல்லலாம். இங்கே எழுத்துப் பிழை எதுவும் இல்லை. எந்த ஸ்வரம் கீழே இருக்கிறது, பாட்டு எந்தக் கீயில் போகிறது என்பதை வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும். அதை எண்ணிக்கையால் தீர்க்க முடியாது, ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும்.

சினிமாப் பாட்டுகளுக்குக் கிடைக்கும் கார்ட் தாள்களில் Eb-க்குப் பதில் D# என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேடையில் வாசிப்பவருக்குக் கட்டை தெரிந்தால் போதும் என்பதால் அங்கே அது ஓடிவிடும். அதைப் பார்த்துத் தியரி பேப்பரில் எழுதினால் மதிப்பெண் போகும்.

திருத்தும்போது தவறான விடையின் பக்கத்தில் வெறும் குறுக்குக் கோடு போடாமல், ஒர்க்ஷீட் காட்டும் இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். 2, 3 என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், ஒலி சரி, எழுத்துதான் தவறு என்று பிள்ளைக்கே புரிந்துவிடும்.